மார்ச் 31-க்குப் பிறகு நடந்தவை: எதைக் கணக்கில் ஏற்றுவது, எதைத் தெரிவித்தால் போதும்?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் உள்ள சிறு தேயிலைத் தொழிற்சாலைகளில் கணக்கு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்ச் 31-இல் கணக்கை முடித்துத் தணிக்கையாளரிடம் கொடுத்த பிறகுதான் உண்மையான தலைவலி தொடங்குகிறது. மே மாதத்தில் ஒரு கடனாளி கடையை மூடிவிடுகிறார். ஜூலையில் மழை வந்து பின்சுவரைச் சாய்த்துவிடுகிறது. இவற்றில் எதை முடிந்துபோன ஆண்டின் கணக்கில் ஏற்ற வேண்டும், எதை ஏற்றக் கூடாது என்பதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. எனக்கு அதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தணிக்கையாளரின் கேள்விப் பட்டியலுக்குப் பதில் எழுதி எழுதித்தான் கற்றுக்கொண்டேன்.

நம் போன்ற பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத சிறு நிறுவனங்களுக்குப் பொருந்துவது கணக்கியல் தரநிலை 4. பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும், 250 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கும் இந்தியக் கணக்கியல் தரநிலை 10 பொருந்தும். இரண்டின் அடிப்படையும் ஒன்றுதான். மாறுபடும் ஓர் இடத்தைப் பின்னால் சொல்கிறேன்.

1. முதலில் இரண்டு தேதிகளை உறுதி செய்யுங்கள்

முதல் தேதி மார்ச் 31. இரண்டாவது தேதி, இயக்குநர் குழு கூடிக் கணக்குகளுக்கு ஒப்புதல் அளிக்கும் நாள். இந்த இரண்டுக்கும் இடையில் நடப்பவை மட்டுமே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டாவது தேதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்ட நாளையோ, தணிக்கையாளர் வேலையைத் தொடங்கிய நாளையோ எடுத்துக்கொள்வது தவறு. ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் நடந்தாக வேண்டும். அதற்கு முழுமையாக 21 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆகவே குழு ஒப்புதல் நடைமுறையில் செப்டம்பர் முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது. ஒப்புதல் கூட்டத்தில்தான் தரப்பட வேண்டும்; தாளைச் சுற்றுக்கு விட்டுக் கையொப்பம் வாங்குவது செல்லாது. கீழே காட்டும் எடுத்துக்காட்டில் ஒப்புதல் நாள் செப்டம்பர் 3 என்று வைத்துக்கொள்வோம்.

2. ஏப்ரல் 1 முதல் ஒரு நிகழ்வுப் பதிவேடு வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டே போதும். நடந்தது என்ன, தெரியவந்த நாள், அதற்கான ஆவணம், உத்தேசத் தொகை ஆகிய நான்கு பத்திகள் இருந்தால் வேலை முடிந்தது. ஆகஸ்ட் இறுதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுத முயன்றால், மே மாதம் வந்த வழக்கறிஞர் கடிதம் நினைவுக்கு வராது.

தணிக்கையாளர் எப்படியும் ஏப்ரலுக்குப் பிந்தைய வங்கி அறிக்கையையும், இயக்குநர் குழுவின் நடவடிக்கைக் குறிப்பேட்டையும், வழக்கறிஞரின் கடிதங்களையும் கேட்பார். இறுதியில், தனக்குத் தெரிவிக்காத நிகழ்வு எதுவும் இல்லை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் உறுதிக்கடிதமும் வாங்குவார். பதிவேடு இருந்தால் அந்தக் கடிதத்தில் இயக்குநர் தயக்கமின்றிக் கையொப்பமிடலாம்.

3. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்

செய்தி எப்போது வந்தது என்பது கேள்வியே அல்ல. எல்லாச் செய்தியும் மார்ச்சுக்குப் பிறகுதான் வந்திருக்கும். அந்தச் செய்திக்குக் காரணமான நிலைமை மார்ச் 31 அன்று இருந்ததா என்பதுதான் கேள்வி.

இருந்தது என்றால், பின்னால் வந்த செய்தி அந்த நிலைமைக்குச் சான்று மட்டுமே. அது சரிக்கட்ட வேண்டிய நிகழ்வு. மார்ச் 31 கணக்கின் தொகையையே மாற்ற வேண்டும். நிலைமையே பிறகுதான் உருவானது என்றால், அது சரிக்கட்டத் தேவையற்ற நிகழ்வு. தொகையைத் தொடக் கூடாது, பெரிய விஷயமாக இருந்தால் தெரிவிக்க மட்டும் வேண்டும்.

விதி இவ்வளவுதான். ஆனால் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு நிகழ்வுகள் எதிரெதிர்ப் பக்கம் விழும்போதுதான் இதன் கடினம் புரியும். ஒரு கற்பனைத் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கோத்தகிரியில் விவசாயிகளிடம் பச்சைத்தேயிலை வாங்கித் தூளாக்கும் தனியார் நிறுவனம் அது. சரிக்கட்டுதலுக்கு முன் அதன் வரிக்கு முந்தைய இலாபம் 18,40,000 ரூபாய்.

4. கடனாளிகள்: இருவர் பணம் தரவில்லை, ஒருவருக்கு மட்டுமே ஒதுக்கீடு

குன்னூர் ஏலத்தில் விற்ற தூளுக்குத் தரகர் வழியாகக் குறித்த நாளில் பணம் வந்துவிடும் என்பதால், கடன் பெரும்பாலும் நேரடி விற்பனையில்தான் தேங்குகிறது.

நம் தொழிற்சாலைக்குக் கோயம்புத்தூரில் உள்ள பாக்கெட் வியாபாரி ஒருவர் மார்ச் 31 அன்று 6,50,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. பிப்ரவரியில் அவர் தந்த காசோலை பணமில்லை என்று திரும்பியது. மார்ச்சில் தவணை கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதினார். மே மாதம் கடையை மூடிவிட்டார். வழக்கறிஞரின் கணிப்பில் 1,50,000 ரூபாய்தான் வசூலாகும்.

மேட்டுப்பாளையத்து வியாபாரி ஒருவர் அதே நாளில் 4,00,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொரு பில்லுக்கும் நாள் தவறாமல் பணம் கட்டிவந்தவர். ஜூன் மாதம் அவருடைய கிடங்கு தீப்பிடித்தது, காப்பீடு இல்லை. அவராலும் இனித் தர முடியாது.

இரண்டிலும் பணம் வரப்போவதில்லை, இரண்டும் கணக்கு ஒப்புதலுக்கு முன்பே தெரிந்துவிட்டன. எனவே இரண்டுக்கும் சேர்த்து ஒதுக்கீடு செய்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பாதுகாப்பாகக் கணக்கு எழுதுகிறோம் என்ற நிறைவும் இருக்கும். அது தவறு. கோவை வியாபாரியின் கை மார்ச்சுக்கு முன்பே காலியாகிவிட்டது; மே மாதம் கடை மூடியது அந்த நிலைமையை உறுதிப்படுத்தியது, அவ்வளவே. ஆகவே 5,00,000 ரூபாய்க்கு மார்ச் 31 தேதியிட்டு வாரா ஐயக்கடன் ஒதுக்கு எழுத வேண்டும். மேட்டுப்பாளையத்தவரோ மார்ச் 31 அன்று நல்ல கடனாளி. அன்று அவருடைய கடனை முழு மதிப்பில் காட்டியது சரிதான். ஜூன் தீ அதைத் தவறாக்கிவிடாது. அந்த 4,00,000 இருப்புநிலைக் குறிப்பில் அப்படியே நிற்க வேண்டும், நட்டம் அடுத்த ஆண்டுக் கணக்கில் விழும்.

தொகையைக் கணக்கிடும்போது ஒரு கண்ணியைக் கவனியுங்கள். மே மாதம் கடை மூடியபோது கோவை வியாபாரியின் பேரேட்டில் 8,20,000 ரூபாய் நிலுவை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,70,000 ஏப்ரலில் அனுப்பிய சரக்குக்கானது. அதற்கு முடிந்த ஆண்டில் ஒதுக்கீடு செய்ய முடியாது. அந்த விற்பனையே அந்த ஆண்டைச் சேர்ந்ததன்று. பேரேட்டின் கடைசி நிலுவையை அப்படியே எடுத்து எழுதாமல், மார்ச் 31 வரையிலான பில்களில் எவை இன்னும் நிற்கின்றன என்று பில்வாரியாகப் பிரித்த பட்டியலை இணையுங்கள்.

இந்தப் பிரிவுக்கு வேண்டிய ஆவணங்கள் இவை: திரும்பிய காசோலைக்கு வங்கி தந்த குறிப்பு, நிலுவைகளின் வயதுப் பட்டியல், மார்ச்சுக்கு முந்தைய கடிதமோ செய்தியோ, வழக்கறிஞரின் கருத்து. வாட்ஸ்அப் செய்தியைத் தேதி தெரியும்படி அச்செடுத்து வையுங்கள். கைபேசி மாறினால் சான்று போய்விடும்.

வருமான வரியில் இந்த ஒதுக்கீடு கழிவாகாது. கடனைக் கணக்கிலிருந்தே நீக்கினால்தான் கழிவு கிடைக்கும். ஒதுக்குவதா, நீக்குவதா என்பதை வரி பார்ப்பவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

5. பச்சைத்தேயிலை விலையும் தங்கிப்போன தூளும்

நம் மாவட்டத்துக்கே உரிய சரிக்கட்டுதல் இது. மார்ச்சில் விவசாயிகள் தந்த இலைக்கு முன்பணமாக ஒரு விலையைக் கொடுத்து வருகிறோம். ஏல விலையை ஒட்டித் தேயிலை வாரியம் அறிவிக்கும் மாதக் குறைந்தபட்ச விலையைப் பார்த்துப் பிறகு கணக்குத் தீர்க்கிறோம். மார்ச்சில் 1,20,000 கிலோ இலை வந்தது, கிலோவுக்கு 20 ரூபாய் வீதம் எழுதியாயிற்று, ஏப்ரலில் தீர்த்த விலை 21.50 என்று கொள்வோம். இலை மார்ச்சிலேயே தொழிற்சாலைக்குள் வந்துவிட்டது. கடனும் அன்றே பிறந்துவிட்டது. விலை மட்டுமே பிறகு தெரிந்தது. எனவே 1,80,000 ரூபாயைக் கொள்முதலில் பற்று வைத்து, விவசாயிகளுக்குக் கொடுபட வேண்டியதாக வரவு வைக்க வேண்டும்.

இத்தோடு நிறுத்திவிட்டால் கணக்கு பாதியில் நிற்கும். அந்த இலையில் ஒரு பகுதி தூளாகி மார்ச் 31 இருப்பில் கிடக்கிறது. கிலோ தூளுக்கு நான்கு கிலோ இலை என்று எளிமைக்காக வைத்தால், அடக்கவிலை கிலோவுக்கு 6 ரூபாய் கூடும். மார்ச் இலையில் செய்த தூள் 6,000 கிலோ இருப்பில் இருந்தால், இறுதிச் சரக்கிருப்பு 36,000 ரூபாய் உயர வேண்டும். அடக்கவிலை விற்பனை மதிப்பைத் தாண்டாதவரை இது பொருந்தும். இந்தத் தூள் ஏப்ரலில் நல்ல விலைக்குப் போனதால் சிக்கலில்லை. இலாபத்தில் நிகரக் குறைவு 1,44,000 ரூபாய் மட்டுமே.

இருப்பில் வேறொரு 4,000 கிலோவும் இருந்தது. முந்தைய மாதங்களில் செய்த மட்டமான ரகம். மார்ச் ஏலங்களிலேயே விலைபோகாமல் திரும்பியது. அடக்கவிலை கிலோ 106 ரூபாய். ஏப்ரலில் 98 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார்கள். தரகு, வண்டி வாடகை, கிடங்குச் செலவு என 4 ரூபாய் போக நிகரமாகக் கிடைத்தது 94. சரக்கிருப்பை அடக்கவிலை, நிகரமாக விற்றுப் பெறக்கூடிய மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததில் காட்ட வேண்டும். ஏப்ரல் விற்பனை, மார்ச் 31 அன்றே அந்தத் தூளின் மதிப்பு இறங்கியிருந்ததற்குச் சான்று. கிலோவுக்கு 12 ரூபாய் வீதம் 48,000 ரூபாயைக் குறைக்க வேண்டும்.

இதிலிருந்து, மார்ச்சுக்குப் பிறகு விலை விழுந்தாலே இருப்பைக் குறைக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மே மாதம் ஒரு நாடு திடீரென இறக்குமதியை நிறுத்தி, அதனால் எல்லாத் தூளின் விலையும் சரிந்தால், அது மே மாதத்தில் பிறந்த நிலைமை. மேற்சொன்ன லாட்டில் நம் கையைப் பலப்படுத்துவது, அது மார்ச்சிலேயே விற்காமல் திரும்பியதைக் காட்டும் தரகரின் பட்டியல்தான். அதையும் ஏப்ரல் விற்பனைப் பட்டியலையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

6. வழக்குகள்

டிசம்பரில் நடந்த விபத்துக்குத் தொழிலாளி ஒருவர் இழப்பீடு கேட்டிருந்தார். 2,00,000 ரூபாய் ஒதுக்கியிருந்தோம். ஜூலையில் 3,20,000 ரூபாய் தர உத்தரவானது. விபத்து மார்ச்சுக்கு முந்தையது என்பதால் மீதி 1,20,000 ரூபாயையும் முடிந்த ஆண்டிலேயே எழுத வேண்டும். விபத்தே மே மாதம் நடந்திருந்தால் ஒரு ரூபாயும் எழுதக் கூடாது. உத்தரவின் நகலை வாங்கி வையுங்கள்.

7. மழையும் மண்சரிவும்: தொகையைத் தொடாமல் தெரிவிப்பது

ஜூலை மழையில் பின்பக்க மேடு சரிந்து, வாட்டுத் தொட்டி ஒன்றும் சுவரும் சேதம். உத்தேச நட்டம் 9,00,000 ரூபாய். மார்ச் 31 அன்று சுவரும் தொட்டியும் நன்றாகவே இருந்தன. ஆகவே சொத்து மதிப்பைக் குறைக்கக் கூடாது. காப்பீட்டிலிருந்து வரவிருக்கும் தொகையையும் வரவு வைக்கக் கூடாது.

மேடு முன்பே விரிசல் விட்டிருந்ததே என்று சிலர் வாதிடுவார்கள். விரிசல் ஆபத்தைக் காட்டியது, சேதத்தை அல்ல. மார்ச்சுக்கு முன்பே சுவர் சாய்ந்து, பொறியாளர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதித் தந்திருந்தால் மட்டுமே கதை மாறும்.

தொகையைத் தொடவில்லை என்பதற்காகப் பேசாமல் இருந்துவிட முடியாது. தரநிலைகள் மாறுபடும் இடம் இதுதான். இந்தியக் கணக்கியல் தரநிலை 10-இன்படி இத்தகைய நிகழ்வைக் கணக்குகளின் குறிப்புகளிலேயே தெரிவிக்க வேண்டும். நமக்குப் பொருந்தும் தரநிலை 4 அதை ஒப்புதல் தருபவரின் அறிக்கையில், அதாவது இயக்குநர் குழு அறிக்கையில், கேட்கிறது. கம்பெனிச் சட்டத்தின் 134(3)(l) பிரிவும் ஆண்டு முடிவுக்கும் அறிக்கை நாளுக்கும் இடையிலான முக்கிய மாற்றங்களை அந்த அறிக்கையில் சொல்லச் சொல்கிறது. இரண்டு செய்திகள் அதில் இருந்தாக வேண்டும்: நிகழ்வின் தன்மை, அதன் உத்தேசத் தொகை. தொகையைக் கணிக்க முடியாவிட்டால், முடியவில்லை என்றே எழுத வேண்டும். வாசகம் இவ்வளவு போதும்:

“ஜூலை மாதம் பெய்த மழையால் ஏற்பட்ட மண்சரிவில் தொழிற்சாலையின் பின்சுவரும் ஒரு வாட்டுத் தொட்டியும் சேதமடைந்தன. உத்தேச நட்டம் ரூ. 9,00,000. காப்பீட்டுக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. மார்ச் 31 தேதியிட்ட கணக்குகளில் இதற்காக எத்தொகையும் சரிக்கட்டப்படவில்லை.”

மேட்டுப்பாளையத்துத் தீயால் வராமல்போகும் 4,00,000 ரூபாயையும் இதே போல ஒரு பத்தியில் தெரிவியுங்கள். சேதத்துக்கு உடனே படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, பழுது பார்ப்பவரின் விலைப்புள்ளியையும் சர்வேயரின் அறிக்கையையும் வாங்கிக்கொள்ளுங்கள். மலைச்சாலை அடைபட்டிருக்கும் வாரங்களில் சர்வேயர் வருவது தள்ளிப்போகும். அதற்காகக் குழுக் கூட்டத்தைத் தள்ளாமல், கையில் உள்ள விலைப்புள்ளியை வைத்தே உத்தேசம் எழுதலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சரிவில் தொழிற்சாலையே போய், தொழிலைத் தொடர வழியில்லை என்ற நிலை வந்துவிட்டால், நிகழ்வு ஜூலையில் நடந்தது என்ற வாதம் எடுபடாது. தொழில் தொடரும் என்ற அடிப்படையில் எழுதிய கணக்கு முழுவதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதைத் தனியாக முடிவு செய்யாமல் அன்றே தணிக்கையாளரைக் கூப்பிடுங்கள்.

8. தொகைகளைச் சேர்த்துப் பாருங்கள்

18,40,000-லிருந்து இலை விலைக்காக 1,44,000, மட்ட ரகத் தூளுக்காக 48,000, கோவைக் கடனுக்காக 5,00,000, வழக்குக்காக 1,20,000 ஆகியவற்றைக் கழித்தால் இலாபம் 10,28,000 ரூபாய். தீயையும் மண்சரிவையும் தவறாகச் சேர்த்திருந்தால் மேலும் 13,00,000 கழிந்து, 2,72,000 ரூபாய் நட்டமாகக் காட்டியிருப்போம். நடைமுறை மூலதனக் கடனைப் புதுப்பிக்க வங்கிக்குப் போகும் நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்புறமும் உண்டு: கோவைக் கடனை மறைத்து இலாபத்தைப் பெரிதாகக் காட்டச் சொல்லும் முதலாளிகளும் இருக்கிறார்கள். திரும்பிய காசோலை வங்கி அறிக்கையில் இருக்கிறது, தணிக்கையாளர் பார்ப்பார் என்று அவர்களிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

அதே செப்டம்பர் கூட்டத்தில் 3,00,000 ரூபாய் பங்காதாயம் பரிந்துரைத்தால், அதையும் மார்ச் 31 பொறுப்பாக எழுதக் கூடாது. குறிப்பில் காட்டினால் போதும். 2016-இல் தரநிலை 4 திருத்தப்படும் வரை நடைமுறை வேறாக இருந்தது. பழைய கோப்பைப் பார்த்து நகலெடுப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

9. பதிவுகளை எழுதும்போது

சரிக்கட்டும் பதிவுகள் எல்லாவற்றுக்கும் மார்ச் 31 தேதிதான். விவரத்தில், எந்த ஆவணத்தின் அடிப்படையில், அது எந்தத் தேதியில் வந்தது என்று எழுதுங்கள். 2023 ஏப்ரல் முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பதால், ஜூனில் எழுதி மார்ச் தேதியிட்டது அதில் தெரியும். அதைக் கண்டு அஞ்சித் தடப்பதிவை நிறுத்திவைக்காதீர்கள். காரணம் எழுதி முன்தேதியிட்ட பதிவு முறையானது, தடத்தை நிறுத்துவதுதான் விதிமீறல்.

10. ஒப்புதலுக்கு முந்தைய நாளும் பிந்தைய நாள்களும்

செப்டம்பர் 2 அன்று பதிவேட்டை மறுபடி திறந்து, வங்கி அறிக்கையை அன்றுவரை இறக்கிப் பாருங்கள். வழக்கறிஞரிடம் தொலைபேசியில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். புதிதாக ஏதேனும் இருந்தால் கூட்டத்துக்கு முன் தணிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். குழு ஒப்புதல் தந்து கையொப்பமிட்ட பிறகு தொகையை மாற்ற நினைத்தால், மீண்டும் குழுவைக் கூட்ட வேண்டும், தணிக்கை அறிக்கையையும் மீண்டும் வாங்க வேண்டும். பொதுக்கூட்ட முன்னறிவிப்பு நாள்கள் கைநழுவும். அதற்குள் கூட்டம் முடிந்து கணக்குகள் ஏற்கப்பட்டுவிட்டால், தாமாக முன்வந்து திருத்துவதற்குத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதி தேவைப்படும்.

பொதுக்கூட்டம் நடந்த 30 நாளுக்குள் AOC-4 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இயக்குநர் குழு அறிக்கையும் அந்தப் படிவத்தோடுதான் போகிறது. மண்சரிவுப் பத்தி அதில் இருக்கிறதா என்பதைப் பதிவேற்றுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.